மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது ஃபைலைத்தான்

உள் தணிக்கைத் துறையையும் வெளியாள் ஒருவர் வந்து தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது ஐ.ஐ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்டர்னல் ஆடிட்டர்ஸ். அது வெளியிட்ட புதிய உலகளாவிய தர விதிகள் 2025 ஜனவரி 9 முதல் அமலில் இருக்கின்றன. மொத்தம் 52 விதிகள். அவற்றில் 8.4 என்ற விதிதான் நம் விஷயம்: ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது, நிறுவனத்தோடு சம்பந்தம் இல்லாத, தகுதியுள்ள ஒருவரோ ஒரு குழுவோ உள் தணிக்கையின் தரத்தை மதிப்பிட வேண்டும்; அவர்களில் ஒருவராவது சி.ஐ.ஏ. பட்டத்தை நடப்பில் வைத்திருக்க வேண்டும். நம் கம்பெனிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு உள் தணிக்கையாளரை நியமிக்கச் சொல்கிறதே தவிர, இந்த மதிப்பீட்டைக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் ‘ஐ.ஐ.ஏ. தர விதிகளின்படி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி இருக்குமானால், அந்த வரிக்கு ஆதாரம் கேட்பார்கள்.

மதிப்பீடு வரப்போகிறது என்றதும் பல துறைகள் செய்யும் முதல் வேலை, கையேட்டைப் புதுப்பிப்பது. சாசனம், கொள்கை, நடைமுறைக் கையேடு எல்லாம் புது விதி எண்களோடு பளிச்சென்று தயாராகும். மதிப்பீட்டாளர் அவற்றைப் படிக்கத்தான் செய்வார். ஆனால், கையேட்டில் எழுதியது ஒரு சாதாரண வேலையில் நடந்திருக்கிறதா என்று பார்க்க, முடிந்துபோன தணிக்கைகளின் பட்டியலிலிருந்து சிலவற்றை அவரே தேர்ந்தெடுத்து ஃபைலைக் கேட்பார். துறையின் தரம் அங்கேதான் வெளிப்படும். ஆகவே என் ஆலோசனை: அவர் வருவதற்கு ஆறு மாதம் முன்பே நீங்களே ஒரு ஃபைலை எடுத்து, அறிக்கையின் முடிவு வரியில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் படியுங்கள்.

எப்படிப் படிப்பது என்பதைக் கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பஞ்சுக் கொள்முதல் தணிக்கை முடிந்து, அறிக்கையின் கடைசி வரி ‘கொள்முதல் கட்டுப்பாடுகள் திருப்திகரமாக உள்ளன’ என்கிறது.

மதிப்பீட்டாளர் இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஆண்டுத் திட்டத்துக்குப் போவார். இந்தத் தணிக்கை ஏன் திட்டத்தில் சேர்ந்தது? ‘நூலின் அடக்க விலையில் பெரும்பங்கு பஞ்சு, ஈரப்பதமும் குப்பையும் ஒப்பந்த அளவைத் தாண்டினால் விலையில் கழிக்கப்படுகிறதா என்பதே முக்கிய அபாயம்’ என்று அங்கே எழுதியிருக்கிறது. நல்ல காரணம். அடுத்து வேலைத் திட்டத்தைப் புரட்டுகிறார். மூன்று கொட்டேஷன் வாங்கினார்களா, ஆர்டரில் உரியவர் கையெழுத்து இருக்கிறதா, பில்லும் ஆர்டரும் ஒத்துப்போகின்றனவா என்று சென்ற ஆண்டுக் கேள்விகளே திரும்ப வந்திருக்கின்றன. ஈரப்பதத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எந்த அபாயத்துக்காகத் தணிக்கை வைத்தார்களோ, அதைத் தொடாமலே ‘திருப்தி’ என்று முடித்துவிட்டார்கள். வேலைத் தாளில் உள்ள ஒவ்வொரு சோதனையும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தாலும் அந்த முடிவு நிற்காது. வெளி மதிப்பீடுகளில் அடிக்கடி அகப்படும் குறை இதுதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நுணுக்கம் வேண்டாம்: ஆண்டுத் திட்டத்தின் காரணத்தையும் வேலைத் திட்டத்தின் கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

பிறகு சாம்பிள். 25 கொள்முதல்களைச் சோதித்ததாகத் தாள் சொல்கிறது. மதிப்பீட்டாளர் எண்ணிக்கையைவிட, எந்தப் பட்டியலிலிருந்து 25 எடுக்கப்பட்டது என்பதைத்தான் கவனிப்பார். கொள்முதல் துறை மெயிலில் அனுப்பிய எக்செல் பட்டியலிலிருந்து எடுத்திருந்தால், அதில் விடுபட்ட லோடு ஒருநாளும் சாம்பிளில் வராது. கேட்டில் லாரி உள்ளே வரும்போது எழுதும் பதிவேட்டையோ எடைமேடைச் சீட்டையோ அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்த்தார்களா என்பது ஃபைலில் தெரிய வேண்டும். ‘பார்த்தோம், எழுதவில்லை’ என்றால் பார்க்கவில்லை என்றுதான் கணக்கு. விதி 14.6, இந்த வேலையோடு தொடர்பில்லாத, ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் தாள்களை மட்டும் வைத்து அதே வேலையைத் திரும்பச் செய்து அதே முடிவுக்கு வர முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

இனி, இந்த ஃபைலின் சிக்கலான இடத்துக்கு வருவோம். 25 சோதனைகளில் மூன்றின் ஓரத்தில் இளம் தணிக்கையாளர் ஒருவர் பென்சிலில் எழுதியிருக்கிறார்: ‘ஈரம் 10.5, ஒப்பந்தம் 8.5, டெபிட் நோட் இல்லை. மேனேஜரிடம் பேசியது, விளக்கம் சரி.’ வேலைத் திட்டம் கேட்காததைக்கூட அந்தப் பையன் கண்டுபிடித்திருக்கிறான். ஆனால் விளக்கம் என்ன என்று எங்கும் இல்லை. ஒரு லோடு 100 பேல், பேல் ஒன்றுக்கு 170 கிலோ என்றால் 17,000 கிலோ. இரண்டு சதவீதம் அதிக ஈரம் என்பது சுமார் 340 கிலோ தண்ணீருக்குப் பஞ்சு விலை கொடுத்ததற்குச் சமம். கிலோ 160 ரூபாய் வீதம் ஒரு லோடில் 54,400 ரூபாய். மூன்றிலும் சேர்த்து 1,63,200 ரூபாய். 25-இல் மூன்று என்றால் ஆண்டு முழுவதும் எத்தனை லோடில் இப்படி நடந்திருக்கும் என்ற கேள்வி தானாக எழ வேண்டும். குறை தென்பட்டால் அதன் காரணத்தையும் விளைவையும் எடைபோட வேண்டும் என்பது விதி 14.3. இங்கே காரணமும் தேடப்படவில்லை, பணமும் கணக்கிடப்படவில்லை, அறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை.

இதை மேலதிகாரி பார்க்கவில்லையா? எல்லாத் தாளிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று இருக்கிறது. சாஃப்ட்வேர் பதிவைத் திறந்தால், 40 தாள்களுக்கும் ஒப்புதல் ஒரே மாலையில், அறிக்கை வெளியான அன்று, சில நிமிட இடைவெளியில் விழுந்திருக்கிறது. மதிப்பீட்டாளருக்கு வேறு சாட்சி தேவையில்லை. மேற்பார்வை நடந்த ஃபைலில் அதன் தடம் இருக்கும்: வேலைத் திட்டம் களப்பணிக்கு முன்பே ஒப்புதல் பெற்றிருக்கும், நடுவில் மேலதிகாரி கேட்ட கேள்விகள் இருக்கும், ‘இந்த மூன்று லோடை ஏன் விட்டாய்?’ என்று ஒரு குறிப்பும் அதற்குப் பதிலும் இருக்கும். அறிக்கை முடிந்ததும் மறுபார்வைக் குறிப்புகளை அழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஃபைல் சுத்தமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் மேற்பார்வை நடந்ததற்கான ஆதாரமும் சேர்ந்து போய்விடும். முக்கியமான கேள்விகளையும் பதில்களையும் வைத்திருங்கள்.

ஃபைலின் கடைசிப் பகுதி, சென்ற முறை சொன்ன குறைகள். ‘ஈரமானியை முறையாக அளவு சரிபார்ப்பதில்லை’ என்ற குறை, ‘முடிந்தது’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆதாரம், மேனேஜரின் ஒரு வரி மெயில்: ‘சரிசெய்துவிட்டோம்.’ அளவு சரிபார்ப்புச் சான்றிதழின் நகலோ, தணிக்கையாளர் போய்ப் பார்த்த குறிப்போ இல்லை. பெரிய அபாயமுள்ள குறைகளையாவது மெயிலை நம்பி மூடாதீர்கள். மூடுவதற்கு என்ன ஆதாரம் வேண்டும் என்பதை, குறையைப் பதிவு செய்யும்போதே எழுதிவையுங்கள்.

ஃபைலுக்கு அடுத்தபடி மதிப்பீட்டாளர் நேரம் செலவழிப்பது பேட்டிகளில். தணிக்கைக் குழுத் தலைவரிடம் அவர் கேட்பவை எளிய கேள்விகள். நிர்வாகத்தில் யாரும் இல்லாமல் உள் தணிக்கைத் தலைவரை எப்போது கடைசியாகச் சந்தித்தீர்கள்? அவருடைய நியமனத்தை முடிவு செய்தது யார்? ஆண்டுத் திட்டத்தில் எதையாவது வெட்டச் சொல்லி நிர்வாகம் கேட்டதுண்டா? பதில்கள் கூட்டக் குறிப்புகளோடு ஒத்துப்போக வேண்டும். சாசனம் ‘குழுவிடம் நேரடியாக அறிக்கை’ என்று சொல்லி, நடப்பில் விடுப்பு, ஊதிய உயர்வு, மதிப்பீடு எல்லாமே நிதி இயக்குநர் கையெழுத்தில் போனால், மதிப்பீட்டாளர் இரண்டாவதைத்தான் உண்மை நிலை என்று எடுத்துக்கொள்வார்.

நம் ஊர் ஆலைகளுக்கும் குடும்பக் கம்பெனிகளுக்கும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பில் பணமாகும் முன்பு உள் தணிக்கைத் துறை ஒப்புதல் போடும் முன்தணிக்கை வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. முதலாளிக்கு அது நிம்மதி. ஆனால் பில்லுக்கு ஒப்புதல் கொடுத்தவரே அந்தக் கொள்முதலைத் தணிக்கை செய்தால் அவர் தன் வேலையையே மதிப்பிடுகிறார். முந்தைய 12 மாதங்களில் ஒருவர் பொறுப்பில் இருந்த வேலைக்கு அவரே உறுதியளிக்கக் கூடாது என்கின்றன விதிகள். முன்தணிக்கையை உடனே நிறுத்த முடியாது என்றால், அதைச் செய்பவர்களைத் தணிக்கை செய்பவர்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். அந்தப் பகுதிக்கு வெளியாரை வைத்துத் தணிக்கை செய்யுங்கள். முன்தணிக்கையை எப்போது நிதித் துறைக்கு மாற்றுவோம் என்று ஒரு தேதி போட்டுக் குழுவின் ஒப்புதலோடு எழுதிவையுங்கள். மறைத்தால்தான் இது பெரிய குறையாக வளரும்.

செலவு பெரிதாக இருக்கிறது என்று நினைக்கும் சிறிய துறைகளுக்கு விதியே ஒரு வழி கொடுத்திருக்கிறது. நீங்களே விதி விதியாக மதிப்பிட்டுக்கொண்டு, அதை வெளியாள் ஒருவரைக் கொண்டு சரிபார்க்கலாம். வேலை உங்களுடையது, செலவு குறைவு. சரிபார்ப்பவருக்கும் அதே தகுதியும் சார்பின்மையும் வேண்டும். சகோதர நிறுவனத்து ஆள் ஆகாது. ‘நீ என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன்’ என்று இரண்டு நிறுவனங்கள் மாற்றிக்கொள்வதும் ஆகாது.

முடிவு வந்ததும் அதை நீங்கள் வடிகட்டித் தணிக்கைக் குழுவுக்குக் கொடுக்க முடியாது. மதிப்பீட்டாளரிடமிருந்து முழு முடிவும் நேராகக் குழுவுக்குப் போக வேண்டும். குறைகளைச் சரிசெய்யும் திட்டத்தையும் காலக்கெடுவையும் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் உங்கள் ஃபைலில் நீங்களே கண்ட குறைகளை, மதிப்பீட்டாளர் வருமுன் ஒரு பக்கத்தில் எழுதிக் குழுத் தலைவர் முன் வையுங்கள். இந்த வாரமே, சென்ற ஆண்டின் ‘திருப்திகரம்’ அறிக்கைகளில் ஒன்றை எடுத்து ஆரம்பியுங்கள்.