கெட்டிலில் படியும் உப்பு: எதைக் கொண்டு, எப்போது எடுப்பது?

தீர்த்தமலை, அரூர் பக்கம் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் புழங்குகிறது. ஒன்று போர் தண்ணீர். இன்னொன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே வரும் காவிரித் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான அந்தத் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு மின்சாரக் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாலே அந்த வீட்டில் எந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். போர் தண்ணீர் என்றால் சில வாரங்களிலேயே அடித்தட்டில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம் கட்டியிருக்கும்.

அதை உப்பு என்று சொன்னாலும் உண்மையில் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான், கால்சியம் கார்பனேட். பாறை இடுக்குகளில் ஊறி வரும் தண்ணீர் கால்சியத்தை பைகார்பனேட்டாகக் கரைத்து வைத்திருக்கிறது. சூடேறும்போது கரியமில வாயு வெளியேறுகிறது, கால்சியம் கரைந்திருக்க முடியாமல் திடப்பொருளாகப் பிரிகிறது. அது அதிகம் ஒட்டுவது தட்டின் மிகச் சூடான இடத்தில்தான். கெட்டிலின் நடுவட்டம் முதலில் வெளுப்பதற்கு இதுவே காரணம்.

படிவு ஏறினால் தண்ணீர் கொதிக்க நேரமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டிலில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் உள்ளே பிறக்கும் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். கெடுவது தட்டு. படிவுக்கு அடியில் அது தேவைக்கு மேல் சூடாகிறது. இரைச்சல் கூடும், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே கெட்டில் தானாக அணையும். பாதுகாப்பு சுவிட்ச் அடிக்கடி துண்டிக்க ஆரம்பித்தால் படிவு எடுப்பதை இனித் தள்ளிப்போடக் கூடாது என்று பொருள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் போர் தண்ணீரில் கொதித்தால் பிரியக்கூடிய கடினத்தன்மை 300 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லிட்டர் கெட்டிலை நாளைக்கு நான்கு முறை நிரப்பினால் ஆறு லிட்டர். அதில் அடங்கியிருப்பது 1.8 கிராம். பாதிக்கு மேல் தண்ணீரோடு வெளியே போய்விடும். கால் பங்குதான் ஒட்டுகிறது என்றாலும் மாதத்துக்கு 13 கிராமுக்கு மேல் சேரும்.

ஒரு கிராம் படிவைக் கரைக்க ஏறக்குறைய ஒன்றேகால் கிராம் சிட்ரிக் ஆசிட் வேண்டும். ஆக மாதம் ஒருமுறை எடுத்தால் 17 கிராம் செலவாகும், வழக்கமாகப் போடும் 30 கிராமே தாராளம். மூன்று மாதம் விட்டுவிட்டால் 40 கிராம் படிவு, அதற்கு 50 கிராமுக்கு மேல் ஆசிட். ஒரு முறை போட்டால் போதாது, அப்படி விடப்பட்ட படிவு கெட்டியாகவும் ஆகிவிடும். அதனால் போர் தண்ணீர் புழங்கும் கெட்டிலுக்கு மாதம் ஒருமுறை, ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் புழங்கும் கெட்டிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது என் கணிப்பு. சரியான எண் வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துக் கொள்ளலாம்.

இனி ஆசிட். வீட்டில் கைக்கு எட்டும் புளிப்பு எல்லாம் இதற்கு ஒத்து வராது. நான் முதலில் கை காட்டுவது மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளைத்தான். வாடை இல்லை, உணவில் சேர்க்கும் பொருள், கழுவினால் போய்விடும். எலுமிச்சையிலும் இருப்பது அதே ஆசிட்தான். ஆனால் ஒரு பழத்தின் சாற்றில் ஏறக்குறைய இரண்டு கிராம்தான் கிடைக்கும். முப்பது கிராமுக்குப் பதினைந்து பழம் பிழிய வேண்டும், சதையும் சர்க்கரையும் கூடவே வரும். இரண்டு பழம் பிழிந்துவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று குறைபட்டுப் பயனில்லை.

புளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது புளி விளையும் மாவட்டம். பித்தளைக் குடமும் செப்புப் பாத்திரமும் புளி தேய்த்தால் பளபளக்கும்போது கெட்டிலுக்கு மட்டும் ஏன் கூடாது? பித்தளையில் புளி கரைப்பது செம்பின் மேல் படர்ந்த கறுப்பை. கெட்டிலில் இருப்பதோ கால்சியம். புளியில் முக்கியமாக உள்ள டார்டாரிக் ஆசிட் கால்சியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் வேறொரு உப்பாக மாறிவிடுகிறது. ஒரு வெள்ளைப் படிவு போய் இன்னொரு வெள்ளைப் படிவு வரும். புளியைப் பித்தளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோரும் தயிரும் வேண்டாம், பால்சத்து தட்டில் ஒட்டித் தீய்ந்து போகும்.

வினிகர் கெட்டிலுக்கு வேலை செய்யும். சம அளவு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊற விடலாம். வாடை போக நாலைந்து முறை அலச வேண்டும், அவ்வளவுதான். எஸ்பிரசோ இயந்திரத்துக்கு மட்டும் அதை நான் சொல்ல மாட்டேன். ரப்பர் வளையங்களுக்கும் பித்தளைப் பாகங்களுக்கும் அது நல்லதல்ல, உள்குழாயில் தங்கிய வாடை காபியில் ஏறும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் நுரை நன்றாக வரும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீராகிவிடும்.

கழிவறை கழுவும் ஆசிட்டைக் கெட்டில் பக்கமே கொண்டுவராதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். படிவை நொடியில் கரைக்கும், எவர்சில்வரிலும் குழி குழியாக அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு பட்டால் நச்சுப் புகை கிளம்பும்.

கெட்டிலைச் சுத்தம் செய்யும் முறை இது. ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, மின்தளத்திலிருந்து கெட்டிலை எடுத்து வையுங்கள். ஆவி அடங்கி வெதுவெதுப்பாக ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 30 கிராம், சிட்ரிக் ஆசிட்டைத் தூவுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் நுரை பொங்கி மூக்கு வழியே வழியும். தூவியதும் தட்டிலிருந்து குமிழிகள் கிளம்பும், படிவு கரைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அரை மணி நேரம் விடுங்கள். அந்தத் தண்ணீரை மறுபடி கொதிக்க வைக்காதீர்கள். கால்சியம் சிட்ரேட் சூட்டில் குறைவாகவே கரையும், மணல் போலப் பிரிந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

குமிழி நின்ற பிறகும் வெள்ளை மிச்சம் இருந்தால் ஆசிட் தீர்ந்துவிட்டது என்று பொருள். கொட்டிவிட்டு இன்னொரு முறை புதிதாகப் போடுங்கள். புது ஆசிட்டிலும் குமிழியே வராமல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் நின்றால் அது பெரும்பாலும் சிலிக்கா. கடும்பாறைப் பகுதித் தண்ணீரில் அது இருப்பதுண்டு, சமையலறை ஆசிட் எதற்கும் அசையாது. சுரண்டாமல் விட்டுவிடுங்கள், கீறலில்தான் அடுத்த படிவு வேகமாகப் பிடிக்கும். கடைசியாக மூன்று முறை அலசி, ஒருமுறை கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். ஆசிட் மிச்சம் உண்டா என்று பார்க்க, அலசிய தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்துச் சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். நுரைத்தால் இன்னும் அலச வேண்டும்.

எஸ்பிரசோ இயந்திரத்தில் படிவு கண்ணுக்குத் தெரியாது. காபி மெல்ல இறங்குவது, பம்பின் சத்தம் கூடுவது, நீராவி வலுவிழப்பது இவைதான் அறிகுறிகள். முதலில் அதன் கையேட்டைப் பாருங்கள். பல சிறிய இயந்திரங்களில் தண்ணீர் சூடாகும் பகுதி அலுமினியம், சிட்ரிக் ஆசிட்டில் நெடுநேரம் இருந்தால் அரிக்கும். அந்த வகைக்குத் தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தையே வாங்குங்கள். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாய்லர் என்றால், கையேடும் தடுக்காவிட்டால், சிட்ரிக் ஆசிட் போதும்.

தொட்டியில் வடிகட்டி இருந்தால் கழற்றுங்கள், காபித்தூள் கைப்பிடியையும் எடுத்துவிடுங்கள். லிட்டருக்கு 30 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாகக் கரைத்து, துகள் இல்லாமல் தொட்டியில் ஊற்றுங்கள். காபி இறங்கும் வழியாக ஒரு டம்ளர், நீராவிக் குழாயின் வெந்நீர் வழியாக ஒரு டம்ளர் விட்டு, இயந்திரத்தை அணைத்து இருபது நிமிடம் காத்திருங்கள். தொட்டி காலியாகும் வரை இப்படியே விட்டு விட்டுச் செய்யுங்கள். இரவு முழுக்க ஊறப்போடுவது தவறு. பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரை இரு வழியிலும் விட்டு, அதே சோடா சோதனையைச் செய்யுங்கள்.

பல ஆண்டு படிவு எடுக்காத இயந்திரத்தில் இதை முயல வேண்டாம். பெயர்ந்து வரும் செதில்கள் ஊசித்துளை போன்ற வழிகளில் போய் அடைக்கும். கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் புழங்கும் பெரிய நீராவி பாய்லர்களும் அப்படித்தான். அவற்றின் பாதுகாப்பு வால்வு படிவால் இறுகிப்போனால் பாய்லர் வெடிக்கும் அபாயம் உண்டு. மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், வால்வையும் சோதித்து வாங்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தாருக்கு ஒரு வார்த்தை. இங்கே பல ஊர்களின் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம், ஒகேனக்கல் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கெட்டிலில் வெள்ளையாகப் படிந்துவிட்டதால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கொதிக்க வைப்பதால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். காபிக்கும் டீக்கும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையே வையுங்கள், போர் தண்ணீரைக் கழுவவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.