டொலரில் வருவது டொலரிலேயே போகட்டும்

மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ மின்நிலையம் அது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடனை வைத்துக் கட்டினார்கள். அங்கிருந்து போகும் மின்சாரத்துக்கு மக்கள் கட்டுவது ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மின்கட்டணத்தில் ஒரு சதம் கூடாமலேயே, திருப்பிக் கட்டவேண்டிய ஒவ்வொரு டொலரும் ரூபாயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

வரவு ஒரு நாணயம், கடன் வேறு நாணயம் என்றால் இதுதான் நடக்கும். வரவும் செலவும் ஒரே வெளிநாட்டு நாணயத்தில் இருந்தால் அந்த அளவுக்குப் பணமாற்று விலை நம்மைத் தொடாது. நிதித்துறையில் இதற்கு நேச்சுரல் ஹெட்ஜிங் என்று பெயர். இயல்புக் காப்பு என்று சொல்லலாம். வங்கியிடம் ஒப்பந்தம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு மேசையில் இருப்பவர் ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

வங்காலையை அடுத்த நறுவிலிக்குளத்தில் ஒரு சிறிய நண்டு பதனிடும் கம்பனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீனவர்களிடம் நீலக்கால் நண்டு வாங்கி, அவித்து, சதை எடுத்து, தகரப் பேணியில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. நீங்கள் அதன் கணக்காளர்.

முதலில் மூன்று நிரல்

ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: டொலர் வரவு, டொலர் செலவு, ரூபாய் செலவு. நம் கம்பனிக்கு மாதம் 1,00,000 டொலர் வருகிறது. இறக்குமதி செய்யும் பேணிக்கும் பொதிக்கும் 18,000 டொலர், கப்பல் கூலிக்கு 12,000, குளிரூட்டும் இயந்திரத்துக்கு எடுத்த டொலர் கடனின் தவணை 10,000. ஆக டொலர் செலவு 40,000. நண்டு, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து ரூபாயில் ஒன்றரைக் கோடி.

டொலர் 300 ரூபாய் என்றால், செலவு போக மிஞ்சும் 60,000 டொலர் ஒரு கோடியே 80 லட்சமாகிறது. இலாபம் 30 லட்சம். டொலர் 290க்கு இறங்கினால் அதே 60,000 டொலர் ஒரு கோடியே 74 லட்சம்தான். இலாபம் 24 லட்சம். டொலர் செலவு ஒன்றுமே இல்லாமல், அந்த 40,000 டொலர் பெறுமதியையும் ரூபாயில் செலவழித்திருந்தால் இலாபம் 20 லட்சமாக விழுந்திருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. வரவில் 40 வீதம் தானாகவே காக்கப்பட்டிருக்கிறது. அதேவேளை, டொலர் மூன்று வீதம் அசைந்ததற்கே இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. முதலாளி “எங்களுக்கு டொலரில்தானே வருகிறது, பயமில்லை” என்றால் இந்தத் தாளை முன்னால் வையுங்கள். பயப்பட வேண்டியது 1,00,000 டொலருக்கு அல்ல, மிஞ்சும் 60,000 டொலருக்கு.

செலவை எந்த நிரலில் போடுவது என்பதை விலைப்பட்டியலில் உள்ள நாணயம் பார்த்துத் தீர்மானியுங்கள், பொருள் வரும் நாடு பார்த்து அல்ல. ஐரோப்பிய இயந்திரத்துக்கு யூரோவில் பில் வந்தால் அது டொலர் நிரலில் சேராது. யூரோவுக்கும் டொலருக்கும் இடையிலும் விலை அசையும். 2022 யூலையில் இரண்டும் ஒரே பெறுமதிக்கு வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேவைப்படும் டொலரை மாற்றாதீர்கள்

ஏற்றுமதிப் பணம் வந்தவுடன் முழுவதையும் ரூபாயாக்கிவிட்டு, பேணிக்காரனுக்குக் கட்டும்போது மறுபடி டொலர் வாங்குவது பல சிறிய கம்பனிகளின் வழக்கம். வங்கி 296க்கு வாங்கி 305க்கு விற்கிறது என்றால், 40,000 டொலரைப் போகவர மாற்றுவதில் மாதம் மூன்று லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வங்கிக்குப் போகிறது. 30 லட்ச இலாபத்தில் இது 12 வீதம். விலை அசையாவிட்டாலும் இந்த இழப்பு உண்டு.

இதைத் தவிர்க்கத்தான் வணிக வெளிநாட்டு நாணயக் கணக்கு இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருவது. ஏற்றுமதிப் பணத்தை அதில் வரவு வைத்து, கப்பல் கூலியையும் பேணிப் பணத்தையும் கடன் தவணையையும் அதிலிருந்தே கட்டலாம்.

ஆனால் டொலரை நினைத்த காலம்வரை அதில் வைத்திருக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட கொடுப்பனவுகள் போக மிஞ்சும் ஏற்றுமதிப் பணத்தை அடுத்த மாதம் 7ஆம் திகதிக்குள் ரூபாயாக்க வேண்டும் என்று மத்திய வங்கி 2021 ஒக்டோபரில் விதித்தது. பிறகு இந்த விதிகள் திருத்தப்பட்டன. ஆகவே இன்று எத்தனை நாள் அவகாசம், எந்தக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்டது என்பதை உங்கள் வங்கியின் ஏற்றுமதிப் பிரிவில் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் பில்லுக்கு இன்றைய டொலரை ஒதுக்கி வைக்கிறேன் என்று போட்ட திட்டம் அந்த அவகாசத்தில் உடைந்துவிடும். தாளில் மாத மொத்தம் போதாது. எந்தத் திகதியில் வருகிறது, எந்தத் திகதியில் போகிறது என்றும் எழுத வேண்டும்.

டொலர் கடனுக்கு ஓர் எல்லை

காக்கப்பட்ட பகுதியைப் பெருக்கச் சுலபமான வழி, ரூபாய்க் கடனை டொலர் கடனாக மாற்றுவது. வட்டியும் பெரும்பாலும் குறைவு. இங்கேதான் பலர் அளவு தாண்டுகிறார்கள்.

நறுவிலிக்குளத்துக் கடலில் சோளகம் பலத்து வீசும் மாதங்களில் வள்ளம் இறங்கும் நாட்கள் குறையும், நண்டும் குறையும். அப்படி ஒரு மாதம் ஏற்றுமதி 45,000 டொலராக விழுகிறது என்று வையுங்கள். பேணிச் செலவும் கப்பல் கூலியும் சரக்கோடு சேர்ந்து 13,500 டொலராகக் குறைந்துவிடும். தவணை மட்டும் குறையாது. அது 10,000 என்றால் பிரச்சினை இல்லை. கடனைப் பெருப்பித்து அதை 35,000 ஆக்கியிருந்தால் மொத்தச் செலவு 48,500. ஏற்றுமதிக் கம்பனியாக இருந்துகொண்டே 3,500 டொலரை வெளியில் வாங்க வேண்டியிருக்கும். 2022இன் முதற்பாதியில் வங்கிகளிடம் அப்படி விற்க டொலரே இல்லாத நாட்கள் இருந்தன.

ஆகவே சராசரி மாதத்தைப் பார்த்துக் கடன் எடுக்காதீர்கள். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் மிக மோசமான மாதத்தை எடுங்கள். அதன் டொலர் வரவிலிருந்து சரக்கோடு போகும் டொலர் செலவைக் கழியுங்கள். தவணை அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.

ரூபாய் நிரலில் ஒளிந்திருக்கும் டொலர்

கரையில் நண்டு விலை ரூபாயில்தான் பேசப்படுகிறது. ஆனால் வெளிநாட்டு வாங்குபவர் கொடுக்கும் டொலரை வைத்தே ஏற்றுமதிக் கம்பனிகள் அந்த விலையைப் போடுகின்றன. டொலர் ஏறினால் நண்டு விலையும் ஏறும். இறங்கினால் இறக்கப் பார்ப்பார்கள். அதனால் இதுவும் ஓரளவு இயல்புக் காப்புத்தான் என்று சிலர் கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கு காலத்தில் இடறும். வள்ளத்தின் மண்ணெண்ணெயைப் பாருங்கள். டொலர் 2022 மேயிலேயே 360க்குப் போய்விட்டது. லீற்றர் 87 ரூபாயாக வைத்திருந்த மண்ணெண்ணெய் விலை ஓகஸ்டில்தான் 340 ஆனது. அதன் பிறகு டொலர் இறங்கியபோது, ஏறிய விலையில் எண்ணெய் அடித்துக் கடலுக்குப் போகிற மீனவரிடம் “டொலர் இறங்கிவிட்டது, நண்டு விலையைக் குறையுங்கள்” என்று எப்படிக் கேட்பது? ரூபாய் விலை டொலரைப் பின்தொடரும். ஆனால் பிந்தி வரும், ஏறியது போல இறங்காது. ஆண்டுத் திட்டத்தில் இதைக் கணக்கில் எடுங்கள். மாதக் கணக்கில் ரூபாய்ச் செலவை ரூபாயாகவே வையுங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது?

2023 பெப்ரவரி இறுதியில் டொலர் 360 ரூபாய் அளவில் இருந்தது. யூன் தொடக்கத்தில் 300க்குக் கீழே போனது. பெப்ரவரி விலையில் நண்டு வாங்கி அனுப்பி, மூன்று மாதம் கழித்துப் பணம் கைக்கு வந்த கம்பனிக்கு, நம் கணக்கின்படி 60,000 டொலர் மிச்சத்தில் மட்டும் 36 லட்ச ரூபாய் குறைந்திருக்கும்.

முன்கூட்டியே விலையை நிர்ணயித்து வங்கியோடு செய்யும் ஃபோர்வர்ட் ஒப்பந்தம் இதற்கு ஒரு மருந்து. ஆனால் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்கும் என்று நிச்சயமில்லை. 2021 ஜனவரியில் மத்திய வங்கி மூன்று மாதங்களுக்கு வங்கிகள் அத்தகைய ஒப்பந்தம் செய்வதையே நிறுத்தியது.

அதனால் இன்னொரு வழியையும் தெரிந்து வையுங்கள்: ஏற்றுமதிக்கு முந்திய கடனை டொலரில் எடுப்பது. வாங்குபவரின் ஓடரைக் காட்டிப் பெப்ரவரியில் 60,000 டொலர் கடன் எடுத்து, அன்றே 360க்கு மாற்றி, அந்த ரூபாயில் நண்டு வாங்கிச் சம்பளம் கொடுக்கிறீர்கள். யூனில் வரும் ஏற்றுமதி டொலர் நேரே கடனை அடைக்கிறது. இடையில் டொலர் எங்கே போனாலும் உங்களுக்குக் கிடைத்தது 360தான். கையிலிருந்து போவது இடைப்பட்ட மாதங்களின் வட்டி மட்டும்.

இதற்கும் விலை உண்டு. டொலர் ஏறினால் அந்த ஏற்றத்தின் நன்மை உங்களுக்குக் கிடைக்காது. ஓடர் இரத்தானாலோ, பரிசோதனையில் சரக்குத் திரும்பினாலோ டொலர் வரவு இருக்காது, டொலர் கடன் மட்டும் கழுத்தில் நிற்கும். ஆகவே ஓடர் உறுதியான சரக்குக்கு மட்டும் எடுங்கள். பழைய வாங்குபவரென்றால் மிச்சத்தில் முக்கால் பங்கு வரை போகலாம், புதியவரென்றால் பாதிக்கு மேல் வேண்டாம் என்பது என் அளவு.

காப்பு வேலை செய்கிறதா என்பதை மாத முடிவில் ஒரே கேள்வியில் பார்த்துவிடலாம்: இந்த மாதம் நாம் வங்கியிடம் டொலரை விற்றதோடு வாங்கவும் செய்தோமா? இரண்டும் நடந்திருந்தால், பொருந்தியிருக்க வேண்டிய ஏதோ ஒரு வரவும் செலவும் திகதியில் தவறிவிட்டன. அந்தப் பில்லைத் தேடி எடுத்து, கட்டும் நாளை மாற்ற முடியுமா என்று வழங்குநரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரம் தருவார்கள்.