கார்ட்லெஸ் போன் மக்கர் செய்தால் எங்கே தொடங்குவது?

கார்ட்லெஸ் போனில் சத்தம் சரியில்லை என்று யார் சொன்னாலும், எப்படிப்பட்ட சத்தம் என்றுதான் முதலில் கேட்பேன். விடாமல் கரகரவென்று இரைகிறதா, இல்லை பேச்சு வெட்டி வெட்டி வருகிறதா? பழைய அனலாக் செட்டுகளில் பேஸை விட்டுத் தள்ளிப் போகப் போக இரைச்சல் கூடும். இப்போது வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் டிஜிட்டல் செட்டுகள். இவற்றில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் வருவதில்லை. சொற்கள் பாதியில் விழும், இடையிடையே நிசப்தம் வரும், பிறகு இணைப்பே அறுந்து திரையில் OUT OF RANGE என்றோ NO LINK என்றோ வந்து நிற்கும். ஆகவே பேஸுக்குப் பக்கத்திலேயே நின்று பேசும்போதும் ஒரே சீராக இரைந்தால், லைனையோ அடாப்டரையோதான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு ஹேண்ட்செட்டின் பேட்டரியை மாற்றிப் பயனில்லை.

இதைத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு சாதாரண ஒயர் போன் இருந்தால் போதும். பேஸுக்கு வரும் லைன் ஒயரைக் கழற்றி இந்தப் போனில் செருகிப் பேசிப் பாருங்கள். இதிலும் இரைந்தால் கோளாறு லைனில் இருக்கிறது. புகார் கொடுக்க வேண்டியதுதான். இதில் சுத்தமாகக் கேட்டால் கார்ட்லெஸ் செட்டைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம். புகார் கொடுத்த பிறகு லைன்மேன் வந்து செய்யும் முதல் சோதனையும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

தஞ்சாவூரில் சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபருக்கு மாறிய பிறகு தொந்தரவு தொடங்கியது. "ஹால்ல நல்லாத்தாம்ப்பா கேக்குது, அடுப்படிக்குப் போனா பாதிப் பேச்சக் காணோம்" என்றார் சித்தி. ஒயர் போனை ஃபைபர் பெட்டியின் போன் துளையில் செருகிக் கேட்டேன், தெளிவாக இருந்தது. லைன் மேல் குற்றமில்லை.

பேஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஹால் மூலையில் ஃபைபர் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. அந்தப் பெட்டியில்தான் வைஃபையும் வருகிறது. பின்புறம் இரும்பு பீரோ, அதைத் தாண்டினால் அடுப்படி. ஃபைபர் பொருத்த வந்தவர் ஒயர் எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேஸைத் திருப்பி அடியில் உள்ள லேபிளைப் படித்தேன். 2.4GHz என்று இருந்தது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் புழங்குவது இதே அலைவரிசையில்தான். லேபிளில் டெக்ட் என்றோ 1880–1900 MHz என்றோ இருந்தால் வைஃபையோடு அவ்வளவாக மோதாது. ஆனால் இரும்பு பீரோவும் கான்கிரீட் தளமும் எந்தச் செட்டாக இருந்தாலும் அலையைத் தடுக்கும். அட்டைப் பெட்டியில் வீட்டுக்குள் 50 மீட்டர், வெளியில் 300 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது தடையில்லாத நல்ல சூழலுக்கான கணக்கு. செங்கல் சுவர் இரண்டும் ஒரு பீரோவும் குறுக்கே நின்றால் அதில் பாதிகூடத் தேறாது.

பேஸ் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருமுனையிலும் பிளக் உள்ள 5 மீட்டர் டெலிபோன் ஒயர் எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். அதை வாங்கி, ஃபைபர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, பேஸை மட்டும் நடை ஓரத்துச் சுவர் அலமாரியில் தோள் உயரத்துக்கு மாற்றினேன். ஹாலும் அடுப்படியும் அங்கிருந்து ஏறத்தாழ சமதூரம். வைஃபை பெட்டியிலிருந்து 1 மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. இங்கே அதற்கும் மேலேயே கிடைத்தது. டிவிக்குப் பின்னாலும் இன்வெர்ட்டர் மேலும் பேஸை வைக்கவே கூடாது. இடம் மாற்றியதும் அடுப்படியில் பேச்சு முழுதாகக் கேட்டது.

ஆனால் கொஞ்ச நேரம் பேசியதும், பேஸுக்குப் பக்கத்திலேயே நின்றும், OUT OF RANGE வந்தது. அப்போதுதான் பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே டிவி ரிமோட்டுக்குப் போடும் சாதாரண சின்ன செல் இரண்டு. ஸ்பிரிங்கின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இந்த செல்களை சார்ஜ் ஏற்றக் கூடாது. தொட்டிலில் வைக்க வைக்கக் கசியும், வெடிக்கவும் வாய்ப்புண்டு. போட வேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 1.2 வோல்ட், ட்ரிபிள் ஏ அளவு ரீசார்ஜபிள் செல் இரண்டு. கொள்ளளவு 550 முதல் 750 எம்ஏஹெச் வரை இருந்தால் போதும். அதைவிடப் பெரிய எண் போட்டு மலிவாக விற்பதை நான் வாங்குவதில்லை. இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும், ஒன்று பழசு ஒன்று புதுசு கூடாது.

பேட்டரிக்கும் OUT OF RANGE-க்கும் என்ன தொடர்பு என்று சித்தப்பா கேட்டார். சும்மா வைத்திருக்கும்போது ஹேண்ட்செட் இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். அதனால் நைந்துபோன செல்கூடத் திரையில் முழுக் கட்டம் காட்டும். பேசத் தொடங்கியதும் இழுப்பு கூடுகிறது, வோல்டேஜ் சரிகிறது, அலை அனுப்பும் பகுதி தடுமாறுகிறது. ஹேண்ட்செட்டுக்குத் தெரிந்ததெல்லாம் பேஸிலிருந்து பதில் இல்லை என்பதுதான். அதைத்தான் திரையில் எழுதுகிறது. இரவு முழுக்க சார்ஜ் ஏற்றிய போன் பத்து நிமிடப் பேச்சில் ஒரு கட்டத்துக்கு இறங்கினால், அந்த செல்லின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். புது செல்லை முதல் தடவை 7 மணி நேரமாவது தொட்டிலில் விட வேண்டும். அதற்கு முன் தொட்டிலிலும் போனிலும் உள்ள உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய்ப் படலம் இருந்தால் சார்ஜே ஏறாது.

மாடியில் இருந்த இரண்டாவது ஹேண்ட்செட்டின் கதை வேறு. அதன் திரையில் REGISTER என்று வந்தது. தூரமானாலோ பேஸுக்கு கரண்ட் இல்லாவிட்டாலோ இந்தச் செய்தி வராது. பேஸ் எது என்பதையே அது மறந்துவிட்டது என்று பொருள். எடுத்த எடுப்பில் பதிவு செய்யப் போகாமல், பேஸின் அடாப்டரைப் பிடுங்கி, ஹேண்ட்செட்டின் செல்லையும் எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து முதலில் பேஸுக்கு கரண்ட் கொடுத்து, பிறகு செல்லைப் போடுவது என் வழக்கம். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். இங்கே ஆகவில்லை.

பதிவு செய்யும் முறை கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். பேஸில் ஹேண்ட்செட்டைத் தேடுவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அதைச் சில நொடிகள், பெரும்பாலான செட்டுகளில் 3 முதல் 5 நொடி, அழுத்திப் பிடித்தால் பேஸ் பதிவுக்குத் தயாராகும். உடனே ஹேண்ட்செட் மெனுவில் Register என்பதைத் தேர்ந்தெடுத்து, பின் எண் கேட்டால் 0000 கொடுக்க வேண்டும். யாரும் மாற்றாத வரை பெரும்பாலும் அதுதான். பேஸ் காத்திருக்கும் நேரம் குறைவு, ஆகவே மெனுவை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இல்லை. பேஸுக்குப் பக்கத்தில் நின்றபடி, சார்ஜ் உள்ள செல்லோடு செய்யுங்கள். ஒரு பேஸில் பொதுவாக 6 ஹேண்ட்செட் வரைதான் இடம். தூக்கிப் போட்ட பழைய செட்டுகளின் பெயர் அழிக்கப்படாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் புதியது சேராது.

பதிவு முடிந்ததும் ஹேண்ட்செட்டை மாடிக்கு எடுத்துப் போகச் சொல்லி, நான் கீழே அந்தத் தேடும் பொத்தானை ஒரு தட்டு தட்டினேன். மேலே மணி அடித்தால் இணைப்பு சரி. வெளியே போன் செய்து பார்க்கவும் தேவையில்லை. மாடி அறையில் அடித்தது. மொட்டை மாடியில் அடிக்கவில்லை. இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி அவ்வளவுதான் எட்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். கரண்ட் போனால் பேஸும் செத்துவிடும், ஹேண்ட்செட் கையருகே இருந்தாலும் OUT OF RANGE என்றுதான் சொல்லும். அந்த நேரத்தில் மெனுவைக் குடைய வேண்டாம் என்று சொல்லி, ஃபைபர் பெட்டியையும் பேஸையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்குக்கு மாற்றிக் கொடுத்தேன்.