சில்லறை முன்பணத்தை ஈடுசெய்தல்: ரசீது இல்லாச் செலவுகளை என் செய்வது?

சில்லறைச் செலவுக்கென ஒதுக்கிய முன்பணம் கரைந்துவிட்டால், குறைந்த அளவுக்குப் பாங்கியிலிருந்து பணம் எடுத்துப் பெட்டியை நிரப்பிவிடுவது சங்கங்கள் பலவற்றில் நாம் காணும் வழக்கம். இருக்க வேண்டியது ரூ. 3,000, எண்ணிப் பார்த்தால் இருப்பது ரூ. 920, ஆகவே ரூ. 2,080-க்குக் காசோலை. கணக்கு நேராகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் கணக்கு மறைக்கப்படும் இடம் இதுவே. பெட்டியில் குறைந்த தொகை வேறு. செலவென்று ஒப்புக்கொள்ளத்தக்க தொகை வேறு. ஈடுசெய்ய வேண்டியது பின்னதையே. இவ்வொரு விதியை எவ்வாறு நடைமுறையில் கையாளுவது என்பதை இம்மாதப் பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் முன்பணத்தின் இயல்பை நினைவில் கொள்வோம். நிர்வாகக் குழு தீர்மானித்த ஒரு நிலையான தொகை ஒரு சிப்பந்தியின் பொறுப்பில் விடப்படுகிறது. அவர் பெட்டியை எந்நாளில் எவர் திறந்து பார்த்தாலும், கையிருப்பு ரொக்கமும் அதுவரை ஈடுசெய்யப்படாத செலவுச் சீட்டுகளும் சேர்ந்து அந்த நிலையான தொகைக்குச் சமமாக இருத்தல் வேண்டும். சமமாக இல்லையெனில், சீட்டில்லாத செலவோ, செலவல்லாத கொடுக்கலோ, பணக்குறைவோ உண்டென்று பொருள். இம்மூன்றையும் பிரித்தறியாமல் பெட்டியை நிரப்பினால், மூன்றும் செலவாகிவிடும்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், முன்பணம் ரூ. 3,000, பெட்டி எழுத்தரின் பொறுப்பில் உள்ளது. காரியதரிசி முன்னிலையில் எண்ணியபோது ரொக்கம் ரூ. 920. சில்லறைச் செலவுச் சிட்டையில் எழுதப்பட்டிருந்தவை வருமாறு: தபால் செலவு ரூ. 180, காகிதம் முதலிய எழுதுபொருள் ரூ. 340, கிடங்கிற்குக் குழல் விளக்கு ரூ. 220, நூல் மூட்டை இறக்கு கூலி ரூ. 450, மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றுவந்த பேருந்துக் கட்டணம் ரூ. 180, குழுக் கூட்டத்தன்று சிற்றுண்டி ரூ. 200, கயிறும் கோணியும் ரூ. 270, இதர செலவு ரூ. 120, காவற்காரருக்குக் கைமாற்றாகக் கொடுத்தது ரூ. 100. ஆக மொத்தம் ரூ. 2,060. அப்படியானால் பெட்டியில் ரூ. 940 இருக்க வேண்டும். ரூ. 20 குறைகிறது.

தபால், எழுதுபொருள், விளக்கு ஆகிய மூன்றுக்கும் தேதியும் கடைப்பெயரும் தொகையும் உள்ள ரசீதுகள் இருந்தன. பேருந்துச் சீட்டுகளில் இரண்டு பயணங்களுக்கு உரியவை, ரூ. 120-க்கு, இருந்தன. இந்த ரூ. 860-ஐப் பற்றிக் கேள்வியில்லை. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

இறக்கு கூலிக்கு ரசீது இல்லை. மூட்டை இறக்குவோரிடம் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் இருப்பதில்லை; அதனால் அச்செலவு பொய்யாகிவிடாது. இத்தகைய செலவுக்கு, பணம் கொடுத்தவரே அன்றே ஒரு சான்றுச் சீட்டு எழுத வேண்டும். யாருக்கு, எந்நாளில், என்ன வேலைக்கு, என்ன விகிதத்தில், எவ்வளவு என்ற ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். பணம் பெற்றவரின் கையொப்பத்தையோ, இடது கைப் பெருவிரல் ரேகையைச் சாட்சியுடனோ பெறுதல் வேண்டும். பெட்டியை வைத்திராத வேறொருவர், அதாவது காரியதரிசி, மேலொப்பமிட வேண்டும். நமது உதாரணத்தில் 9 மூட்டைகள், மூட்டைக்கு ரூ. 50 என்று சான்று எழுதப்பட்டிருந்தது. அதே நாளில் நூல் இருப்புப் புத்தகத்திலும் 9 மூட்டைகளே வரவாகியிருந்தன. சங்கத்தின் வேறொரு புத்தகம், வேறொருவர் கையால், அதே உண்மையைச் சொல்லுகிறது. சான்றுச் சீட்டுக்கு வலிமை தருவது இதுவே. இருப்புப் புத்தகத்தில் 7 மூட்டைகள் என்றிருந்தால், ரூ. 350-க்கு மேல் ஒப்புக்கொள்ள இடமில்லை.

மூன்றாவது பயணத்தின் பேருந்துச் சீட்டு தொலைந்துவிட்டது, தொகை ரூ. 60. அன்று மாவட்ட அலுவலகத்தில் கடிதம் ஒப்படைத்ததற்கான முத்திரை சங்கத்தின் நகலில் இருக்கிறது. மற்ற இரு பயணங்களின் கட்டணமும் ரூ. 60-ஏ. எனவே சென்றவரின் சான்றின் பேரில் இதை ஏற்கலாம். சிற்றுண்டிச் செலவும் இத்தகையதே. நடவடிக்கைப் புத்தகத்தின்படி அன்று உறுப்பினர் 7 பேர், சிப்பந்திகள் 3 பேர், ஆளுக்கு ரூ. 20 வீதம் ரூ. 200 பொருந்துகிறது.

பேருந்துச் சீட்டுகளைப் பற்றி ஒரு சொல். இப்போது பொறியில் அச்சாகி வரும் சீட்டுகள் பல வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாளில் அமைந்தவை. சில மாதங்களில் எழுத்து மங்கி, தணிக்கைக்கு வருகையில் வெறுந்தாளாக நிற்கும். பசை பட்டால் மறைவு விரைவாகும். ஆகையால் சீட்டின் எண், தேதி, தொகை ஆகியவற்றைச் செலவுச் சீட்டில் மையால் எழுதிவிட்டு, சீட்டை ஊசியால் இணைப்பது நலம். கைபேசி வழியாகப் பணம் செலுத்தினாலும் இதே எச்சரிக்கை வேண்டும். அப்பதிவு பணம் சென்றதைக் காட்டுமேயன்றி, என்ன பொருள் வாங்கப்பட்டது என்பதைக் காட்டாது; கடைச் சீட்டும் உடன் வேண்டும்.

கயிறு, கோணிக்கு இருந்தது ஒரு துண்டுத்தாள். அதில் 270 என்ற எண் மட்டுமே இருந்தது. கடைப்பெயர் இல்லை, தேதி இல்லை. இது ரசீது கிடைக்காத செலவன்று, ரசீது கேட்டு வாங்காத செலவு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். கடை அதே ஊரில் இருக்க, சிப்பந்தியின் சான்றை அதற்கு மாற்றாக ஏற்பது தகாது. எனவே இத்தொகையை இம்முறை ஈடுசெய்யாமல் நிறுத்திவைத்து, கடையில் நகல் சீட்டு வாங்கிவரும்படி சொல்ல வேண்டும். நமது உதாரணத்தில் நான்கு நாட்கள் கழித்து வந்த நகலில் இருந்த தொகை ரூ. 230. எஞ்சிய ரூ. 40 எங்கே? பொருளைச் சங்கத்துக்குக் கொண்டுவந்த வண்டிக் கூலி அது. எழுத்தர் இரண்டையும் ஒன்றாக எழுதியிருந்தார். வண்டிக்காரரிடம் ஒப்பம் பெற்றுத் தனிச் சான்று எழுதியதும் இரண்டும் அடுத்த முறை ஏற்கப்பட்டன. நேர்மையான செலவும் ஒழுங்காக எழுதப்படாதபோது ஐயத்துக்கு இடம் தருகிறது என்பதற்கு இது சான்று.

காவற்காரருக்குக் கொடுத்த ரூ. 100 செலவே அன்று. திரும்பி வரவேண்டிய பணம். அவர் எழுதிக் கொடுத்த சீட்டு பெட்டியில் இருக்கலாம். ஈடுசெய்யும் பட்டியலில் இடம்பெறலாகாது. சில்லறை முன்பணத்திலிருந்து கைமாற்றுக் கொடுக்கும் பழக்கத்தையே குழு தடுத்துவிட வேண்டும்.

இறுதியாக, இதர செலவு ரூ. 120. யாருக்கு, எதற்கு, என்று எனக் கேட்டால் விடையில்லை. இதையும் ரொக்கக் குறைவு ரூ. 20-ஐயும் சேர்த்து ரூ. 140 விளக்கமற்ற தொகை. இதைப் பெட்டிக்குப் பொறுப்பானவர் கட்ட வேண்டும். அல்லது குழு அவருடைய விளக்கத்தைக் கேட்டு, திருப்தியுற்றால், தீர்மானத்தின் மூலம் தள்ளுபடி செய்ய வேண்டும். தள்ளுபடி செய்தாலும் அதைக் ‘குறைவு’ என்ற பெயரிலேயே எழுத வேண்டும். அதை ‘இதர செலவு’ ஆக்குவது, நடந்ததை அழித்து நடவாததை எழுதுவதாகும்.

இப்போது ஈடுசெய்யும் தொகை தெளிவாகிறது. ரசீதுள்ளவை ரூ. 860, சான்றின் பேரில் ஏற்றவை கூலி 450, பேருந்து 60, சிற்றுண்டி 200, ஆக ரூ. 710. மொத்தம் ரூ. 1,570. காசோலை இதற்கு மட்டுமே. பெட்டியில் ரொக்கம் ரூ. 2,490 ஆகும். எஞ்சிய ரூ. 510 என்னவென்று அப்போதும் நமக்குத் தெரியும்: கயிறு கோணி 270, கைமாற்று 100, விளக்கமற்றது 140. முதலில் கூறிய வழக்கப்படி ரூ. 2,080 எடுத்திருந்தால், இந்த ரூ. 510-ம் சங்கத்தின் செலவாக மறைந்து, காவற்காரர் திருப்பிக் கொடுக்கும் ரூ. 100 எங்கே வரவாகும் என்பதற்கும் இடமில்லாது போயிருக்கும்.

பேரேட்டில் பதியும்போது ரூ. 1,570-ஐ முன்பணக் கணக்கில் எழுதலாகாது. அக்கணக்கு என்றும் ரூ. 3,000-ஆகவே நிற்கும். தொகையை அந்தந்தச் செலவினத்துக்குப் பிரித்து எழுத வேண்டும்: தபால் 180, எழுதுபொருள் 340, கிடங்குப் பராமரிப்பு 220, நூல் ஏற்றிறக்கு கூலி 450, பயணம் 180, கூட்டச் செலவு 200. நூல் கூலியைப் பொதுச் செலவில் தள்ளிவிட்டால், நூலின் அடக்க விலை குறைந்து காட்டும். அதை வைத்துத் துணிக்கு விலை கட்டும் சங்கம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும்.

காசோலை எழுதியவுடன் ஒவ்வொரு செலவுச் சீட்டின் மீதும் ‘ஈடுசெய்யப்பட்டது’ என்ற முத்திரையும் தேதியும் இட வேண்டும். முத்திரையிடாத சீட்டு அடுத்த மாதமும் பட்டியலில் ஏறக்கூடும். மேலும், மார்ச்சு 31-ஆம் நாளன்று பெட்டியில் பணம் மிகுந்திருப்பினும் ஈடுசெய்தே ஆக வேண்டும். இல்லையேல் அவ்வாண்டின் செலவு மறு ஆண்டுக்குச் சென்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. ரசீது கேட்டு நெருக்கும்போது, சிலர் வெற்று ரசீது வாங்கித் தாமே நிரப்பிவிடுவதுண்டு. ரசீது இல்லாமை ஒரு குறை. பொய் ரசீது ஒரு குற்றம். வெவ்வேறு நாட்களின் ரசீதுகளில் அடுத்தடுத்த எண்கள் இருத்தல், கடை மூடியிருந்த நாளின் தேதி, பல கடைச் சீட்டுகளில் ஒரே கையெழுத்தும் ஒரே மையும், வெவ்வேறு பெயர்களுக்கு ஒரே விரல் ரேகை ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். சான்றுச் சீட்டு என்னும் நேர்வழியைக் குழு திறந்து வைத்து, ஒரு சான்றுக்கு உச்ச அளவும் தீர்மானித்துவிட்டால், இக்குறுக்கு வழிக்குச் செல்ல எவருக்கும் தேவை இராது. மேலே கண்ட சங்கத்தில் அவ்வளவு ரூ. 500. ஒரு மாதத்துச் செலவில் பாதிக்கு மேல் சான்றுச் சீட்டுகளாகவே இருக்குமாயின், காரியதரிசி மேலொப்பமிடுமுன் இருப்புப் புத்தகத்தையும் நடவடிக்கைப் புத்தகத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும்.