பாலத்தருகே தெர்மோகோல் ரோடு

பஸ்ஸில் போகும்போது பாலம் தொடங்கும் இடத்தில் ‘டக்’ என்று தூக்கிப் போடுகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் பாலம் இல்லை. பாலம் பைல் மேல் நிற்கிறது. பைல் கெட்டித் தரை வரை போகிறது. பக்கத்திலுள்ள மண் கரைதான் தன் எடையால் அடியிலுள்ள சேற்றுக் களிமண்ணை அமுக்கி இறங்குகிறது. பள்ளம் விழுந்ததும் மெட்டலும் தாரும் போட்டு மட்டம் பண்ணுவோம். அந்த எடையும் களிமண் தலையில்தானே விழும்? மறுபடி இறங்கும்.

நார்வேயில் ஆஸ்லோ அருகே ஃப்ளோம் பாலத்தில் இதுதான் நடந்தது. அடியில் 3 மீட்டர் மக்கிய செடி மண், அதற்குக் கீழே 10 மீட்டர் இளகிய களிமண். ரோடு வருஷத்துக்கு 20, 30 செ.மீ. இறங்கியது. மட்டம் பண்ணப் பண்ண வேகம் கூடியது. 1972-ல் 1 மீட்டர் கரை மண்ணை எடுத்துவிட்டு, அரை மீட்டர் கனமுள்ள தெர்மோகோல் கட்டிகளை இரண்டு அடுக்காக வைத்தார்கள். டிவி பெட்டிக்குள் வருகிற அதே சரக்குதான், கொஞ்சம் அடர்த்தி கூட. இறக்கம் நின்றது.

கணக்கு நமக்குத் தெரிந்ததே. ஒரு சதுர மீட்டருக்கு 1 மீட்டர் மண் சுமார் 2000 கிலோ. கட்டி 20 கிலோ. ஈரம் குடிக்கும் என்று டிசைனில் 100 கிலோ என வைத்தாலும் 1900 கிலோ குறைகிறது. மேலே போடும் ரோடு இந்த மிச்சத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் களிமண்ணுக்குப் பழைய சுமையை விடக் கூடாது.

ஆனால் எடை குறைந்ததே வேறு வம்பைக் கொண்டு வரும். வெள்ளம் வந்து கட்டியின் மேல்மட்டம் வரை தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? 1 மீட்டர் கட்டியை 1000 கிலோ மேலே தள்ளும். சொந்த எடை போக 980. (இங்கே 100 கிலோ என்று போடக் கூடாது, காய்ந்த எடையைத்தான் எடுக்க வேண்டும்.) மேலே 10 செ.மீ. கான்கிரீட், 30 செ.மீ. மெட்டல் என்றால் 240-ம் 600-ம் சேர்ந்து 840 கிலோ. ரோடு மிதந்துவிடும்! மெட்டலை 50 செ.மீ. ஆக்கினால் 1240 கிலோ, நிற்கும். அப்போதும் களிமண் மேல் சுமை அதிகமில்லையா என்று திரும்பப் பார்க்க வேண்டும். ஆகவே வெள்ள மட்டம் தெரியாமல் கட்டியின் கனத்தை முடிவு பண்ண முடியாது.

அடுக்கும்போது செங்கல் கட்டு மாதிரி ஜாயிண்ட் மேல் ஜாயிண்ட் வராமல் மாற்றி வைக்க வேண்டும். அடியில் மணலை நன்றாக மட்டம் பண்ணாவிட்டால் கட்டி ஆடும். மேல் கான்கிரீட் சக்கரப் பளுவைப் பரப்புவதற்கு மட்டுமல்ல. லாரி கவிழ்ந்து பெட்ரோல் கொட்டினால் தெர்மோகோல் கரைந்தே போய்விடும். அதையும் அந்த கான்கிரீட்தான் தடுக்கிறது. பக்கச் சரிவையும் மண் போட்டு மூடவேண்டும். மூடும் வரை பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு பொறி போதும்.