மோட்டார் நின்ற பிறகும் எண்கள் குழம்புவது ஏன்?

கேள்வி: தையல் மோட்டார் ஓடத் தொடங்கியதும் இரண்டு போர்டுகளுக்கு இடையே வரும் எண்கள் குழம்புகின்றன. மோட்டார் நின்றாலும் சரியாவதில்லையே?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: ஒரு பைட் தொலைந்தால், அடுத்து வருவதெல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு பாக்கெட்டையும் ஹெக்ஸில் இப்படி அனுப்புங்கள்:

```
AA 03 10 20 30 63
```

AA தொடக்கம், 03 நீளம். நீளத்தையும் தரவையும் கூட்டினால் வரும் 63தான் செக்சம். இரைச்சலில் 03 என்பது 43 ஆகிவிட்டால், பெறும் போர்டு 67 தரவு பைட்டுகளுக்குக் காத்திருந்து, பின்னால் வரும் நல்ல பாக்கெட்டுகளையும் விழுங்கிவிடும். அதனால் நீளத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். தரவுக்குள்ளும் AA வரலாம். செக்சம் பொருந்தாவிட்டால், வாங்கியதை மொத்தமாக வீசாமல், தொடக்கமாக எடுத்துக்கொண்ட AA-க்கு அடுத்த பைட்டிலிருந்தே மறுபடி தேடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இடம் மாறிய பைட்டுகளைக் கூட்டல் செக்சம் கண்டுபிடிக்காது. அதற்கு சிஆர்சி வேண்டும்.