இரு படங்கள், ஒரே ஒலி

கிட்டார் பயிற்சி நூலொன்றின் பக்கத்தில் இரண்டு படங்கள் உள்ளன. இரண்டும் ‘ஈ மைனர்’ என்னும் கார்டையே காட்டுகின்றன. பல சுரங்கள் ஒருசேர ஒலிப்பதே கார்ட். முதலாவது கார்ட் படம்.

```
E A D G B e
o     o o o
===========
| | | | | |
-----------
| 2 3 | | |
-----------
```

கிட்டாரை நேரே நிமிர்த்தி, அதன் முகப்பைப் பார்ப்பதுபோல் இது வரையப்பட்டுள்ளது. நின்றிருக்கும் ஆறு கோடுகளும் ஆறு கம்பிகள். இடக்கோடியில் இருப்பது மிகத் தடித்த ஆறாம் கம்பி. வலக்கோடியில் இருப்பது மெல்லிய முதலாம் கம்பி. குறுக்குக் கோடுகள் ஃபிரெட் எனப்படும் உலோகப் பட்டைகள். மேலேயுள்ள வட்டம், அந்தக் கம்பியை அழுத்தாமல் மீட்ட வேண்டும் என்பதைக் குறிக்கும்.

உள்ளே இருக்கும் 2, 3 ஆகிய எண்கள் விரல்களைக் குறிக்கின்றன. சுட்டுவிரல் 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3, சுண்டுவிரல் 4. ஆகவே நடுவிரல் ஐந்தாம் கம்பியையும் மோதிரவிரல் நான்காம் கம்பியையும், இரண்டும் இரண்டாம் ஃபிரெட்டிலேயே, அழுத்த வேண்டும்.

இரண்டாவது படம் டேப்லேச்சர். இதைச் சுருக்கமாக ‘டேப்’ என்பர்.

```
e|--0--------------|
B|--0--------------|
G|--0-----------0--|
D|--2--------2-----|
A|--2-----2--------|
E|--0--0-----------|
```

இங்குக் கம்பிகள் படுத்திருக்கின்றன. கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்திக் குனிந்து பார்த்தால் தடித்த கம்பி உடலுக்கு அருகில் இருக்கும். அதனால்தான் அது கீழ்க்கோடாக வரையப்படுகிறது. டேப்பில் வரும் எண்கள் விரல்கள் அல்ல, ஃபிரெட்டுகள். 0 என்றால் அழுத்தாத கம்பி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எண்களைச் சேர்த்து மீட்ட வேண்டும். அடுத்தடுத்து வருபவற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக மீட்ட வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கார்ட் படத்திலுள்ள 3 என்னும் எண்ணை ஃபிரெட் என்று எண்ணி, நான்காம் கம்பியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திவிடுவார்கள். அப்போது ‘ஈ’க்குப் பதிலாக ‘எஃப்’ ஒலிக்கும். அது ஆறாம் கம்பியின் ‘ஈ’யோடு உரசி, காதுக்கு இடறும். சரியாக அழுத்தினால் நான்காம் கம்பி, ஆறாம் கம்பியின் அதே சுரத்தை ஒரு படி உயர்ந்த நிலையில் தரும். அந்த இரண்டை மட்டும் அடுத்தடுத்து மீட்டினாலே பிழை தெரிந்துவிடும்.

டேப்பின் பிற்பகுதி இதற்கு உதவுகிறது. அதில் ஆறாம் கம்பி முதல் மூன்றாம் கம்பி வரை தனித்தனியே ஒலிக்கின்றன. ஏதேனும் ஒரு கம்பி ‘டொக்’ என்று மழுங்கினால், பக்கத்து விரல் அதைத் தொடுகிறது என்று பொருள். விரல் நுனியை நிமிர்த்தி வைக்க வேண்டும். கம்பி ‘இர்ர்’ என்று அதிர்ந்தால், விரல் பட்டையிலிருந்து விலகியிருக்கலாம். பட்டையின்மேல் அல்லாமல், அதற்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டியே அழுத்த வேண்டும்.

எந்த விரல் என்பதை இந்த டேப் சொல்வதில்லை. ஒரு சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதும் இதில் இல்லை. விரலுக்குக் கார்ட் படத்தையும், கால அளவுக்குப் பாடலையும் நாட வேண்டியிருக்கும்.